ஆணி எந்தப் பக்கம் தள்ளுகிறது?

வழவழப்பான ஒரு மேசை. அதன்மேல் ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்புத் தண்டு படுத்துக் கிடக்கிறது. தண்டின் ஒரு முனையில் துளை போட்டு, மேசையில் அறைந்த ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். ஆணியைச் சுற்றித் தண்டு தடையில்லாமல் சுழலும், ஆனால் ஆணியை விட்டு நகர முடியாது. மறுமுனையை எதுவும் பிடித்திருக்கவில்லை. சிறிய வில்லை ஒன்று மேசையில் வழுக்கிக்கொண்டு வந்து, அந்த முனையில் செங்குத்தாக மோதுகிறது. மோதலில் ஆற்றல் துளியும் வீணாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். வில்லை என்ன வேகத்தில் திரும்பும்? தண்டு என்ன வேகத்தில் சுழலும்?

பதினோராம் வகுப்பு இயற்பியலைத் தாண்டி வந்தவர்கள் இந்தக் கணக்கை ஏதாவது ஓர் உருவத்தில் பார்த்திருப்பார்கள். நுழைவுத் தேர்வுப் பயிற்சிப் புத்தகங்களிலும் இது அடிக்கடி தலைகாட்டும். நாலைந்து வரியில் முடிந்துவிடும் கணக்குதான். ஆனாலும் இதில் ஒரு பொறி இருக்கிறது. தவறான வழியில் போனாலும் நம்பும்படியான விடை ஒன்று கிடைத்துவிடும், ஆற்றலைக் கூட்டிப் பார்த்தாலும் அது சரியாகவே இருக்கும். அதனால் பொறியில் விழுந்தவருக்கு விழுந்தது தெரியாது. எனக்கு இந்தக் கணக்கு பிடித்துப்போனதற்கு அந்தத் தவறான விடைதான் காரணம்.

முதலில் எண்களை வைத்துக்கொள்வோம். கட்டட வேலையில் இருப்பவர்களுக்கு 10 எம்.எம். கம்பி ஒரு மீட்டர் 617 கிராம் என்பது மனப்பாடம். விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வந்துவிடும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நம் தண்டின் எடையை 600 கிராம் என்று கொள்வோம். வில்லை 100 கிராம். அது வரும் வேகம் நொடிக்கு 3 மீட்டர்.

இப்போது பெரும்பாலோர் செய்வதைச் செய்து பார்ப்போம். மோதல் என்றதும் இரண்டு விதிகள் வாயில் வந்துவிடும்: மொத்த உந்தம் மாறாது, மீட்சி மோதல் என்றால் இயக்க ஆற்றலும் மாறாது. நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் உந்தம். வில்லை கொண்டு வருவது 0.1 × 3, அதாவது 0.3 அலகு. மோதியபின் தண்டு சுழலும்போது, அதன் நடுப்புள்ளி முனையின் வேகத்தில் பாதி வேகத்தில் நகரும். ஆகவே தண்டின் உந்தம் 0.6 கிலோ பெருக்கல் அந்தப் பாதி வேகம். இதோடு ஆற்றல் சமன்பாட்டையும் சேர்த்துத் தீர்த்தால், வில்லை நொடிக்கு 1.91 மீட்டர் வேகத்தில் பின்னோக்கித் திரும்புகிறது, தண்டின் முனை 1.64 மீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் போகிறது என்று வரும். ஆற்றலைச் சரிபார்ப்போம். மோதலுக்கு முன் வில்லையிடம் இருந்தது 0.45 ஜூல். பின்னால் வில்லையிடம் 0.18, தண்டிடம் 0.27. கூட்டினால் அதே 0.45. கச்சிதம்.

கச்சிதமாக இருந்தும் விடை தப்பு.

காரணம் ஆணி. வில்லை மோதும் அதே நொடித்துணுக்கில் ஆணியும் தண்டை அழுத்துகிறது. ஆணியோ மேசையோடு பிணைந்தது, மேசை தரையோடு. வெளியிலிருந்து ஒரு கை உள்ளே நுழைந்துவிட்டது என்றால் வில்லை, தண்டு இரண்டின் மொத்த உந்தம் மாறாது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. மோதல் நடக்கும் நேரம் மிகக் குறுகியதுதானே, அதற்குள் ஆணி என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். நேரம் எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவுக்கு ஆணியின் விசையும் பெரிதாகிறது. விசையையும் நேரத்தையும் பெருக்கினால் வரும் கணத்தாக்கு அப்படியே நிற்கிறது. உராய்வைப் போல இதைச் சிறியது என்று தள்ளிவிட முடியாது.

ஆணி என்ன செய்தாலும் மாறாத ஒன்றைப் பிடித்துக்கொண்டால் தப்பிக்கலாம். அதுதான் ஆணியை மையமாக வைத்துக் கணக்கிடும் கோண உந்தம். கதவைக் கீலின்மேலேயே கைவைத்துத் தள்ளினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் அது திறக்காது. கீலிலிருந்து தூரம் சுழி என்பதால் திருப்பும் வலிமையும் சுழி. ஆணி தண்டைத் தொடுவது சுழற்சி மையத்திலேயே. அதனால் அது எந்தத் திசையில் எவ்வளவு தள்ளினாலும் கோண உந்தத்தை அசைக்க முடியாது. நேர்க்கோட்டில் வரும் வில்லைக்கும் கோண உந்தம் உண்டு. அதன் உந்தத்தை, ஆணியிலிருந்து அதன் பாதைக்குள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்கினால் போதும். நம் கணக்கில் அந்தத் தூரம் தண்டின் நீளமேதான்.

அடுத்த கேள்வி, சுழலும் தண்டுக்கு எவ்வளவு கனம் என்று எடுத்துக்கொள்வது? தண்டின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் போகவில்லை. ஆணியருகே இருப்பது நகரவே இல்லை, முனையில் இருப்பது முழு வேகத்தில் போகிறது. நடுவில் இருப்பது பாதி வேகம். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் நடுத்துண்டின் பங்கு கால்தான். தண்டை 10 சம துண்டாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள், ஒவ்வொன்றும் 60 கிராம். ஆணியிலிருந்து அவற்றின் நடுப்புள்ளிகள் இருக்கும் தூரம் 0.05, 0.15, 0.25 என்று ஏறி 0.95 மீட்டரில் முடியும். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 3.325. அதை 60-ஆல் பெருக்கினால் 199.5 கிராம். துண்டுகளை இன்னும் பொடிப்பொடியாக்கினால் சரியாக 200 கிராமில் வந்து நிற்கும். தண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு.

பாடப்புத்தகம் இதையே நிலைமத் திருப்புத்திறன் என்ற பெயரில், ML²/3 என்று எழுதுகிறது. வில்லையின் பக்கமிருந்து பார்த்தால் விஷயம் இன்னும் எளிது. அது மோதியது 600 கிராம் தண்டின்மேல். ஆனால் அதற்குத் தெரிவது, மேசையில் தனியாகக் கிடக்கும் 200 கிராம் குண்டு ஒன்றுதான். ஆணி, சுழற்சி, கோணம் எல்லாம் அந்த மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிட்டன. இனி இது இரண்டு பொருள் நேருக்கு நேர் மோதும் பழைய கணக்கு. 100 கிராம் வந்து 200 கிராமில் மோதுகிறது. இரண்டு நிறைகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, வந்த வேகத்தால் பெருக்கினால் வில்லையின் வேகம் கிடைக்கும். 100 கழித்தல் 200, வகுத்தல் 300, பெருக்கல் 3. விடை −1. வில்லை நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பின்னோக்கித் திரும்புகிறது. தண்டின் முனை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் முன்னோக்கிச் செல்கிறது. ஆற்றல், வில்லையிடம் 0.05 ஜூல், தண்டிடம் 0.40. கூட்டினால் இதுவும் 0.45.

எழுத்துகளில் வேண்டுவோருக்கு, வில்லை m, தண்டு M, வரும் வேகம் u என்றால் வில்லையின் புதிய வேகம் v, தண்டு முனையின் வேகம் V:

v = u (3m − M) / (3m + M)
V = 6mu / (3m + M)

தண்டின் நீளம் இதில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு மீட்டரோ ஒரு சாணோ, எடை ஒன்றாக இருந்தால் வில்லை அதே வேகத்தில்தான் திரும்பும். நீளம் மாறினால் மாறுவது தண்டின் சுழற்சி வேகம் மட்டுமே. V-ஐ நீளத்தால் வகுத்தால் அது கிடைக்கும். நம் தண்டுக்கு நொடிக்கு 2 ரேடியன், அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று நொடிக்குச் சற்றுக் கூடுதல்.

இரண்டு விடைகள் கையில் இருக்கின்றன. இரண்டிலும் ஆற்றல் சரியாக இருக்கிறது. எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1668, 69 வாக்கில் மோதல் விதிகளைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டி கேட்டுக்கொண்டதன்பேரில் வாலிஸ், ரென், ஹைகன்ஸ் மூவரும் தத்தம் முடிவுகளை அனுப்பிவைத்தார்கள். மீட்சி மோதலுக்கு அன்றைக்கே கிடைத்துவிட்ட அளவுகோல் ஒன்று இன்றும் கைகொடுக்கிறது. இரண்டு பொருள்கள் எந்த வேகத்தில் நெருங்கினவோ அதே வேகத்தில் விலக வேண்டும். நம் கணக்கில் இதைத் தொடும் புள்ளியில் பார்க்க வேண்டும், தண்டின் நடுப்புள்ளியில் அல்ல. நெருங்கிய வேகம் 3. சரியான விடையில் வில்லை 1 மீட்டர் பின்னால், முனை 2 மீட்டர் முன்னால், விலகும் வேகம் 3. முதல் விடையில் 1.91-உம் 1.64-உம் சேர்ந்து 3.55. வந்ததைவிட வேகமாக விலகுகிறது. வெடிமருந்து வைத்தால் ஒழிய அப்படி நடக்காது.

ஆணி எந்தப் பக்கம் தள்ளியது என்பதையும் இப்போது சொல்லிவிடலாம். மோதலுக்கு முன் மொத்த உந்தம் 0.3. பின்னால் வில்லையிடம் −0.1. தண்டின் நடுப்புள்ளி நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போவதால் அதனிடம் 0.6. மொத்தம் 0.5. கூடிவிட்டது! ஓடி வரும் பொருளை ஆணி தடுத்து நிறுத்தும், பின்னால் தள்ளும் என்றுதான் மனம் எதிர்பார்க்கிறது. ஆணியோ வில்லை வந்த திசையிலேயே 0.2 அலகு முன்னால் தள்ளியிருக்கிறது.

நம்பாதவர்கள் ஓர் அடி ஸ்கேலை வழவழப்பான மேசையில் வைத்து, ஆணி எதுவும் இல்லாமல், அதன் ஒரு முனையை விரலால் குறுக்காகச் சுண்டிப் பாருங்கள். சுண்டிய முனை உங்களை விட்டு விலகி ஓடும். மறுமுனை உங்களை நோக்கி வரும். ஸ்கேல் முன்னால் நகர்வதும் சுழல்வதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தூரத்து முனையில் சுழற்சி முந்திக்கொள்கிறது. நம் தண்டை ஆணியிலிருந்து கழற்றிவிட்டு அதே வில்லையை மோதவிட்டால், தூரத்து முனை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் பின்னோக்கிப் பாயும். ஆணி இருக்கும்போது அந்த முனை பின்னால் வரப் பார்க்கிறது, ஆணி அதை விடாமல் முன்னால் தள்ளிப் பிடிக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

சுண்டிய ஸ்கேலில் ஒரு முனை முன்னே, மறுமுனை பின்னே போகிறதென்றால் நடுவில் எங்கோ ஒரு புள்ளி எந்தப் பக்கமும் போகாமல் நிற்க வேண்டும். சுண்டிய முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் அந்தப் புள்ளி இருக்கிறது. இதைத் திருப்பிப் போட்டாலும் செல்லும். ஆணி முனையில் இருக்கும்போது, ஆணியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் வில்லை மோதினால் ஆணிக்கு எந்த வேலையும் இல்லை. ஆணியைப் பிடுங்கி வைத்திருந்தாலும் தண்டு அந்தக் கணத்தில் அதே மாதிரிதான் நகர்ந்திருக்கும். அந்த இடத்துக்கு உள்ளே, ஆணியை நெருங்கி மோதினால் ஆணி பின்னால் தள்ளும். வெளியே, முனைப் பக்கம் மோதினால் முன்னால் தள்ளும்.

இனி அந்தத் தவறான விடைக்கு வருவோம். வில்லை முனையில் மோதாமல், ஆணியிலிருந்து சுமார் 67 சென்டிமீட்டரில் மோதுகிறது என்று கணக்கைப் புதிதாகப் போடுங்கள். மோதும் இடம் உள்ளே வந்துவிட்டதால் வில்லைக்குத் தண்டு இன்னும் கனமாகத் தெரியும். 200 கிராமுக்குப் பதில் 450 கிராம். 100 கழித்தல் 450, வகுத்தல் 550, பெருக்கல் 3. விடை −1.91. தண்டு முனையின் வேகம் 1.64. முதலில் தப்பு என்று ஒதுக்கிய அதே எண்கள்! ஆணியைக் கண்டுகொள்ளாமல் கணக்குப் போட்ட மாணவர், ஆணிக்கு வேலையே இல்லாத இடத்தில் மோதினால் என்ன ஆகும் என்பதற்குச் சரியான விடையைக் கண்டுபிடித்திருக்கிறார். கேட்ட கேள்வி வேறு, அவ்வளவுதான். ஆற்றல் கணக்கு அவரைக் காட்டிக்கொடுக்காததன் காரணமும் இதுவே. அவர் விடையில் விவரிக்கப்படுவது உண்மையில் நடக்கக்கூடிய ஒரு மோதல்.

தண்டின் எடை வில்லையின் எடையைப்போல் சரியாக மூன்று மடங்கு இருந்தால் நடப்பது இன்னொரு வேடிக்கை. வில்லை 200 கிராம், தண்டு 600 கிராம் என்று வையுங்கள். வில்லைக்குத் தெரியும் தண்டின் எடையும் 200 கிராம். சம நிறைகள் மோதினால் வேகம் கைமாறிவிடும். வில்லை மோதிய இடத்திலேயே நின்றுவிடுகிறது, தண்டு முழு ஆற்றலையும் வாங்கிக்கொண்டு சுழலக் கிளம்புகிறது. உராய்வே இல்லாத மேசை என்றால் தண்டு முழு வட்டம் சுற்றி வந்து, நின்றிருக்கும் வில்லையைப் பின்னாலிருந்து தட்டும். மறுபடியும் வேகம் கைமாறும். இம்முறை நிற்பது தண்டு. வில்லை முதலில் வந்த அதே வேகத்தில், அதே நேர்க்கோட்டில் தொடர்ந்து செல்லும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, வந்த வில்லை சுமார் இரண்டு நொடி நின்று இளைப்பாறிவிட்டு, வழியில் தண்டே இல்லாததுபோலப் போவதாகத் தெரியும். இந்த இரண்டு நொடி என்பது 2πL-ஐ u-ஆல் வகுத்தால் வருவது. வில்லை அதைவிடக் கனமாக இருந்தால் நிற்காது, மோதியபின்னும் முன்னோக்கியே போகும். தண்டு முனை அதைவிட வேகமாக விலகி ஓடிவிடும்.

ஆணியை முனையிலிருந்து எடுத்துத் தண்டின் நட்டநடுவில் அடித்தால்? பலர் வில்லை திரும்பும் வேகம் மாறிவிடும் என்பார்கள். மாறாது. அப்போதும் முனையில் தெரியும் எடை மூன்றில் ஒரு பங்குதான், வில்லை நொடிக்கு 1 மீட்டர் வேகத்திலேயே திரும்பும். ஆனால் தண்டின் நடுப்புள்ளி நகராததால் அதன் உந்தம் சுழி, ஆணி இப்போது பின்னோக்கி 0.4 அலகு தள்ளியாக வேண்டும். வில்லையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவரால் ஆணி எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது.

இவ்வளவும் காகிதத்தில். வீட்டில் உண்மையாகவே செய்து பார்த்தால் எண்கள் இப்படி வருமா என்றால், 10 எம்.எம். கம்பியில் வராது. உராய்வைப் பலரும் குற்றம் சொல்வார்கள். அது பெரிய குற்றவாளி இல்லை. கேரம் போர்டில் போரிக் பவுடர் தூவினாலே வில்லை நன்றாக வழுக்கும், மோதியவுடன் வேகத்தை அளந்துவிட்டால் உராய்வு வேலை காட்ட நேரம் கிடைக்காது. நொடிக்கு 240 படம் எடுக்கும் செல்போன் கேமராவில், 3 மீட்டர் வேக வில்லை படத்துக்குப் படம் ஒன்றேகால் சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் பிடித்தால் வேகத்தை எண்ணியே எடுத்துவிடலாம்.

உண்மையான சிக்கல், தண்டு வளைவதில் இருக்கிறது. நம் கணக்கு முழுக்கத் தண்டு விறைப்பானது, ஒரு முனை அசைந்தால் மொத்தமும் அதே கணத்தில் அசையும் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள 10 எம்.எம். கம்பியை ஒரு முனையில் ஆணியில் மாட்டித் தட்டினால், அது வளைந்து நிமிர்ந்து நொடிக்குச் சுமார் 30 முறை அதிரும். ஓர் அதிர்வுக்கு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் வேண்டும். இரும்பும் இரும்பும் மோதிப் பிரியும் நேரமோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதாவது தண்டு முழுவதற்கும் சேதி போய்ச் சேருமுன் வில்லை மோதிவிட்டுப் போய்விடுகிறது. ஆணிப் பக்கத்துப் பகுதி மோதலில் பங்கெடுக்கவே இல்லை. வில்லைக்குத் தண்டு 200 கிராமைவிட இலேசாகத் தெரிகிறது, எதிர்பார்த்த அளவு திரும்பி வருவதில்லை. கொஞ்சம் ஆற்றல் அதிர்வாகத் தண்டிலேயே தங்கிவிடுகிறது. மோதியபின் தண்டில் விரல் வைத்தால் நடுக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சூத்திரத்தை நம்ப வேண்டாம்.

பரிகாரம் இரண்டு. தண்டைக் குட்டையாக, தடிமனாக எடுப்பது ஒன்று. 16 எம்.எம். கம்பியில் 38 சென்டிமீட்டர் வெட்டினால் அதுவும் 600 கிராம்தான். அதன் அதிர்வு நொடிக்கு 300 முறைக்கு மேல் போய்விடும். மற்றொன்று, வில்லையின் முன்பக்கத்தில் இழுத்துக் கட்டிய ரப்பர் வளையமோ சிறு வில்சுருளோ வைத்து மோதும் நேரத்தை நொடியில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு நீட்டுவது. கல்லூரி ஆய்வகங்களில் காற்றுப் பாதையில் ஓடும் வண்டிகளுக்கு முன்னால் ரப்பரோ சுருளோ வைத்திருப்பதும் மோதலை மீட்சி மோதலுக்கு நெருக்கமாகக் கொண்டுவரத்தான்.

முழு மீட்சி என்பதும் ஓர் எல்லைதான். 1687-இல் வந்த பிரின்சிபியாவில் நியூட்டன், ஊசலாகக் கட்டிய பந்துகளை மோதவிட்டு, நெருங்கும் வேகத்துக்கும் விலகும் வேகத்துக்கும் உள்ள விகிதத்தைக் குறித்திருக்கிறார். கண்ணாடிக்கு 15/16, இறுக்கிக் கட்டிய கம்பளிக்கு 5/9. நம் மோதலில் கண்ணாடியின் விகிதம் அமைந்தால் வில்லை 1 மீட்டருக்குப் பதில் 0.875 மீட்டர் வேகத்தில் திரும்பும், முனை 1.94 மீட்டர் வேகத்தில் போகும். கோண உந்த விதிக்கு மட்டும் இதில் எந்தச் சேதமும் இல்லை. மோதல் மீட்சியோ இல்லையோ, ஆணியால் அதைத் தொட முடியாது.

மீட்சி அடியோடு இல்லாத மோதலைக் கொண்டே பெரிய வேலை செய்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை நேராக அளக்க அந்தக் காலத்தில் வழியில்லை. 1742-இல் வெளியிட்ட நூலில் அவர் ஓர் ஊசலை விவரித்தார். மேலே அச்சில் தொங்கும் இரும்புத் தகடு, அதன் முகத்தில் மரப்பலகை. குண்டு மரத்தில் புதைந்துகொள்ளும், ஊசல் பின்னால் ஆடும், எவ்வளவு ஆடியது என்பதைக் கீழே கட்டிய நாடா உருவிக் காட்டும். அச்சு, அச்சிலிருந்து குண்டு பட்ட தூரம், ஊசலின் நிலைமத் திருப்புத்திறன் என்று நம் கணக்கில் வந்த எல்லாமே அதில் உண்டு. அந்த நூலை ஆய்லர் 1745-இல் தம் விளக்கங்களோடு ஜெர்மன் மொழியில் கொண்டுவந்தார். ராபின்ஸ் பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இங்கே வந்தார். கோட்டைகளைப் பலப்படுத்தும் வேலையில் இருந்தபோது காய்ச்சல் கண்டு, 1751 ஜூலையில் கடலூர் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார்.

வீட்டுக்கு உபயோகமான ஒன்றும் இதில் இருக்கிறது. தரையில் கதவுத் தடுப்பு பொருத்தும்போது பெரும்பாலும் கதவின் வெளி ஓரம் வந்து இடிக்கும்படி வைத்துவிடுகிறார்கள். காற்றில் கதவு விசையோடு போய் இடிக்கும் ஒவ்வொரு முறையும், நம் ஆணி வாங்கிய அதே உதையைக் கீல் வாங்குகிறது. நாளடைவில் ஸ்க்ரூக்கள் தளர்ந்துபோகின்றன. கீலை ஒட்டி வைத்தாலும் உதை உண்டு, எதிர்ப்பக்கமாக. ஒரே கனத்தில் செய்த 90 சென்டிமீட்டர் அகலக் கதவுக்குத் தடுப்பைக் கீலிலிருந்து 60 சென்டிமீட்டரில் வையுங்கள். அந்த உயரத்தில் கீலுக்கு இடி வராது.

அடுத்த முறை தச்சர் வரும்போது இந்த 60 சென்டிமீட்டரை அளந்து குறித்து வைத்துவிடுங்கள்.